வேல்விழி வைக்காத விளக்கு

ஓடிப்போனாள் என்று சொல்லாதே அம்சவல்லி. ஓடுகிறவள் காலை ஒன்பது மணிக்கு, தெருவே குழாயடியில் குடத்தோடு நிற்கிற நேரத்தில், தோளில் ஒரு பை, கையில் ஒரு பை என்று முன்வாசல் வழியாகவா போவாள்? அவள் போகும்போது உன் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நீ குழாயை மூடவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அப்போ மூணாம் நம்பர் ரூம் பையன் தெனம் மத்தியானம் அவ ரூம் வாசல்ல உக்காந்துகினு இருந்தது இன்னா?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"ஆட்டுக்குட்டியை மேல ஏத்திகினு இருந்தான்" என்றேன்.

குழாயடியே சிரித்தது. சிரிக்கட்டும். நடந்தது அதுதான். சேரப்பணஞ்சேரியில் யாருக்கு எது தெரியாவிட்டாலும் வேல்விழியைப் பற்றி எனக்குத் தெரியும். என் வீட்டு ஏழாம் நம்பர் ரூமில் மூன்று வருஷம் இருந்தவள். என் வாயால் சொல்கிறேன், எனக்காக எழுதித் தருகிறவள் ஒன்று விடாமல் எழுதட்டும்.

அவள் வள்ளியூர் பக்கத்துப் பெண். டிப்ளமா படித்துவிட்டு, ஒரகடத்தில் போன் தயாரிக்கிற கம்பெனிக்கு, பாகம் பொருத்துகிற லைன் வேலைக்கு வந்தாள். வந்த அன்றைக்கே என்னை "ஆச்சி" என்று கூப்பிட்டாள். இங்கே ஆயா என்றுதான் சொல்வார்கள். மாற்றிக்கொள்வாள் என்று பார்த்தேன், மாற்றவே இல்லை. இது ஒன்றிலேயே அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்துபோனது.

காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். மூன்று மணிக்குள் திரும்பிவிடுவாள். வந்ததும் குளித்து, சோறு தின்று, ஒரு லேப்டாப்பைத் திறப்பாள். அதன் மூடி உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுச் செங்கல்லில் சாய்த்து வைத்திருப்பாள். மற்ற பெண்கள் தூங்குவார்கள், இல்லை ஊருக்குப் போன் பேசுவார்கள். இவள் விளையாட்டு செய்வாள். விளையாடுவாள் என்று சொல்லவில்லை. செய்வாள். போனில் விளையாடுகிறோமே, அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

ஒரு கல் குவாரி. அதன் அடியில் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி. அது பாறைக்குப் பாறை தாவி உச்சிக்குப் போக வேண்டும். போனில் இரண்டே பொத்தான், ஒன்று ஓட, ஒன்று தாவ. கல் உருளும், படி இடியும், நடுவில் ஜல்லி உடைக்கிற மெஷின் வேறு. தவறினால் குட்டி செத்துவிடும். செத்தால் முதலிலிருந்து வர வேண்டியதில்லை. வழியில் அங்கங்கே விளக்கு இருக்கும். குட்டி பக்கத்தில் போனால் அது எரியும். கடைசியாக எந்த விளக்கு எரிந்ததோ அங்கிருந்து மறுபடி உயிரோடு வரும். அதற்கு செக்பாயிண்ட் என்று பேராம். எனக்கு அது விளக்கு, அவ்வளவுதான்.

அந்த விளக்கை எங்கே வைப்பது என்பதுதான் அவளுக்கு மூன்று வருஷத்து வேலை. ஆடு வரைந்தது ஒரு மாதம். மிச்சமெல்லாம் விளக்கு.

"எங்கயாவது வெச்சுட்டுப் போயேன்" என்று ஆரம்பத்தில் சொன்னேன்.

"அதுலதான் ஆச்சி எல்லாம் இருக்கு. நெறைய வெச்சா விளையாடுதவிய கை சோம்பிப் போயிரும். கொறைய வெச்சா போனத் தூக்கிப் போட்டுருவாவ. நீங்க ஒரு தடவ விளையாடிப் பாருங்க."

"நானா? எனக்கு ஏபிசிடியே தெரியாதும்மே."

"அதுக்குத்தான் கேக்கேன். இதுல படிக்கதுக்கு ஒண்ணும் கிடையாது."

விளையாடினேன். முதல் பாறையிலேயே செத்தேன். பிறகு சும்மா நடக்க வேண்டிய நீளமான ஒரு பாதை, அதன் முடிவில் ஒரு பள்ளம். விளக்கு பாதையின் இந்தப் பக்கம் இருந்தது. பள்ளத்தில் விழுந்தால் மறுபடியும் அந்தப் பாதை முழுக்க நடக்க வேண்டும். ஐந்தாவது தடவை போனைப் பாயில் வீசினேன்.

"யார் மேல கோவம் ஆச்சி?" என்று கேட்டாள்.

"உன் மேலதான். பள்ளத்துல வுழுந்தேன், என் தப்பு. தாண்டக் கத்துக்கறேன். ஆனா ஒண்ணுமே இல்லாத வழியில எதுக்குடி என்னைத் திரும்பத் திரும்ப நடக்க வெக்கற? இன்னா தண்டனை இது?"

அவள் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ஏதோ கிறுக்கினாள். மறுநாள் பார்த்தால் விளக்கு பாதையைத் தாண்டிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. விழுந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் குட்டி பள்ளத்துக்கு முன்னால் நின்றது. அன்றைக்கு இருபது தடவை விழுந்தேன். ஒரு தடவைகூட அவளைத் திட்டவில்லை, என் கட்டைவிரலைத்தான் திட்டினேன்.

அன்றிலிருந்து அவள் யாரைக் கேட்டாலும் இந்த ஒரு கேள்விதான் கேட்பாள். விழுந்தாயே, யார் மேல் கோபம்? தன்மேல் கோபம் என்றால் விளக்கு சரியான இடத்தில் இருக்கிறது. விளையாட்டு மேல் கோபம் என்றால் அவள் எங்கோ தப்பு செய்திருக்கிறாள். ஒரு தடவை கல் உருண்டு வருகிற இடத்திலேயே விளக்கை வைத்துவிட்டாள். உயிர் வந்த குட்டி, பொத்தானில் கை வைப்பதற்குள் மறுபடி செத்தது. அதற்கு நான் பேசின பேச்சை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது வருகிறேன் அம்சவல்லி, உன் மூணாம் நம்பர் பையனுக்கு. மணிகண்டபிரபு. அவனும் அதே கம்பெனி, அதே லைன். எட்டாம் நம்பர் இசக்கியும் மாசானமும் அப்படித்தான். ஷிப்டு முடிந்து வந்து வரிசையாக ரூம் வாசலில் உட்கார்ந்து ஆட்டை ஏற்றுவார்கள். கதவு திறந்தே இருக்கும். வேல்விழி பின்னால் நோட்டோடு நிற்பாள். யாருக்கும் எதுவும் சொல்லித் தர மாட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லேன், இங்க எப்படித் தாவணும்னு" என்று மணிகண்டபிரபு கெஞ்சுவான்.

"சொன்னா நாளைக்கு இத விளையாடுத ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போய்ல்லா சொல்லணும். வாய மூடிட்டுச் சாவுல."

நோட்டில் குவாரி முழுவதையும் நீளமாக வரைந்து வைத்திருந்தாள். யார் எங்கே செத்தாலும் அங்கே ஒரு புள்ளி. மணிகண்டபிரபு சிவப்பு, இசக்கி நீலம், மாசானம் பச்சை, நான் கறுப்பு. எனக்கு எழுத்து தெரியாது. புள்ளி தெரியும்.

பாதி முடிந்த விளையாட்டை அவள் நெட்டில் போட்டிருந்தாள். அதைப் பார்த்து, கிண்டிப் பக்கம் விளையாட்டு செய்கிற ஒரு சின்ன கம்பெனியிலிருந்து வெங்கடேசன் என்பவர் கூப்பிட்டார். கொண்டு வந்து காட்டு, பிடித்தால் நாங்களே வெளியிடுகிறோம், உனக்கும் இங்கே வேலை என்றார். ஒரு சனிக்கிழமை, வாராந்திர லீவில், தாம்பரம் போய் ரயில் ஏறிப் போனாள். சாயங்காலம் திரும்பும்போது முகம் வீங்கியிருந்தது. அதைத்தான் நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, எவனோ ஏமாற்றிவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னாய்.

நடந்தது வேறு. அங்கே ஐந்து பேர் விளையாடியிருக்கிறார்கள். ஐந்து பேரும் ஜல்லி மெஷினில் நின்றுவிட்டார்கள். வரிசையாக ஐந்து சம்மட்டி மேலேயிருந்து இறங்கும், அதற்கு நடுவில் குட்டி புகுந்து போக வேண்டும். ஒருவர்கூடத் தாண்டவில்லை. செத்தால் விளக்கு ரொம்பப் பின்னால், பத்துப் பாறைக்குக் கீழே. போனை மேசைமேல் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

"பாறைக்கு ஒரு விளக்கு வைக்கணுமாம். உச்சிக்கு ஏறுத கடைசி ஏத்தத்துலயும் வைக்கணுமாம். ரெண்டு வாரத்துல மாத்திக் கொண்டா எடுத்துக்கிடுவாவளாம். இல்லன்னா இல்ல" என்றாள்.

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னுட்டேன்."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே கிடையாது. 

வைத்தாள். பாறைக்குப் பாறை விளக்கு, மாதா கோயில் தேர்போல ஜொலித்தது குவாரி. என்னிடம் கொடுத்தாள். அடுப்பில் உலை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். விழுந்தால் அதே பாறை. கண்ணை மூடிக்கொண்டு தாவினாலும் பத்தாவது தடவை எப்படியோ அடுத்த பாறை. உச்சிக்குப் போய்விட்டேன். மூன்று வருஷமாக நான் போகாத உச்சி.

"எப்படி ஆச்சி இருக்கு?"

"உலை கொதிச்சிடுச்சா பாரு."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "நான் ஏறல கண்ணு. நீதான் என்னைத் தூக்கினு போய் மேல உக்கார வெச்ச" என்றேன். பக்கத்தில் மணிகண்டபிரபு மல்லாந்து படுத்து, முறுக்கு கடித்துக்கொண்டே விளையாடிக்கொண்டிருந்தான். 

நோட்டு திறந்து கிடந்தது. சும்மா பார்த்தேன். ஜல்லி மெஷின் இருந்த இடத்தில் என் கறுப்புப் புள்ளி எறும்பு மொய்த்த மாதிரி. முன்பெல்லாம் நான் அந்த மெஷின் வரைக்கும்கூட வந்ததில்லை; இப்போது விளக்கு பக்கத்திலேயே இருந்தும் அத்தனை தடவை அங்கே செத்திருக்கிறேன். ஆனால் சிவப்பு ஒன்றுகூட இல்லை. நீலம் ஒன்று. பச்சை இல்லவே இல்லை.

"இந்தப் பசங்க மட்டும் எப்படிடி இங்க சாவல?"

"அது லேசு ஆச்சி. இசக்கி ஒருக்கா செத்ததோட சரி, அதனாலதான் முன்னால அந்த எடத்துல விளக்கே வைக்காம இருந்தேன்."

"லேசா? எனக்கு லேசா இல்லியே. கிண்டிக்காரங்க அஞ்சு பேருக்கும் லேசா இல்லியே."

மணிகண்டபிரபுவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் குட்டி அப்போது மெஷினுக்குள் புகுந்துகொண்டிருந்தது. அவன் போனைப் பார்க்கவே இல்லை. முறுக்கு டப்பாவில் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். ஒற்றைக் கட்டைவிரலால் ஐந்து சம்மட்டியையும் தாண்டிவிட்டான்.

"டேய், பாக்காமயே எப்படிடா போற?"

"தெரியல ஆயா. கை அதுவா போவுது."

"அந்தச் சம்மட்டி எப்படி வுழுதுன்னு டப்பாவுல தட்டிக் காட்டு."

தட்டினான். டக் டக். கொஞ்சம் இடைவெளி. டொம்.

வேல்விழி அந்த டப்பாவைப் பிடுங்கித் தானும் தட்டிப் பார்த்தாள்.

"அது எங்க லைன் பிரஸ்ஸு" என்றாள்.

அவர்கள் லைனில் போனின் கண்ணாடியை அழுத்தி ஒட்டுகிற மெஷின் ஒன்று இருக்கிறது. சட்டென்று இரண்டு அழுத்து, ஒரு மூச்சு, பிறகு பலமாக ஓர் அழுத்து. பச்சை லைட் எரிந்ததும் போனை எடுத்து அடுத்ததை வைக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்துக்கு மேல். தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் அவர்கள் கையில் ஓடும். சம்மட்டி செய்ய உட்கார்ந்தவள், எந்த வேகத்தில் விழ வைக்கலாம் என்று யோசித்து, தனக்குச் சரியாகப் பட்ட ஒரு வேகத்தை வைத்திருக்கிறாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. விளையாடிப் பார்த்தவர்களும் அதே லைன் ஆட்கள். பத்து மாதமாக அந்த மெஷின் முன்னால் நின்றவன் சாகாததை வைத்து, அதைப் பார்த்தே இராதவனுக்கு விளக்கு வேண்டாம் என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

 பிறகு லேப்டாப்பை மடியில் வைத்து, புதிதாக வைத்த விளக்கையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இன்னாடி பண்ற? அவரு கேட்டது இதைத்தானே?"

"அவரு கேட்டது தப்பு ஆச்சி. ஆனா அவருக்கு வலிச்சது நெசம். வலிச்ச எடம் ஒண்ணு. அதுக்கு ஒடம்பு பூரா கட்டுப் போடச் சொல்லுதாரு."

மெஷினுக்கு முன்னால் ஒரு தட்டையான பாறை வரைந்து, அதில் ஒரு விளக்கு வைத்தாள். அங்கே நின்றால் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. சம்மட்டி விழுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம், காதால் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். முன்பு குட்டி செத்தாலும் சம்மட்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், திரும்பி வந்தால் அது எந்தத் தட்டில் இருக்கிறதென்றே தெரியாது. இப்போது குட்டிக்கு உயிர் வரும்போதெல்லாம் சம்மட்டியும் முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தது. மெஷினைத் தாண்டியதும் இன்னொரு விளக்கு. மெஷினுக்குள் ஒன்றும் இல்லை.

கடைசி ஏற்றத்தில் ஒரு விளக்குகூட வைக்கவில்லை.

"அங்க ஒண்ணு வெச்சா இன்னா? ஏழு தாவு தாவணும். ஏழாவதுல வுழுந்தா வயிறு எரியும்."

"எரியட்டும் ஆச்சி. அதுல புதுசா ஒண்ணாவது இருந்தா நான் விளக்கு வெச்சிருப்பேன். ஏழும் கீழ ஏற்கெனவே நீங்க தாவுனதுதான். ஒளிச்சு வெச்சது எதுவும் கெடையாது. ஒரு நிமிசம் தப்பு விடாம இருக்க முடியுமாங்குததுதான் கேள்வி. நடுவுல விளக்கு வெச்சா கேள்வியே இல்லாமப் போயிரும்."

பிறகு, லைன் ஆட்கள் இனி பார்க்க வேண்டாம், வேறு ஆட்கள் வேண்டும் என்றாள். நான்தான் பிடித்து வந்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற யாக்கோபு வந்தான். ஸ்ரீபெரும்புதூரில் தையல் வேலை செய்கிற ஷெர்லின் வந்தாள். வாட்ச்மேன் வேலை முடிந்து பிச்சையா வந்தார். ஆமாம், அம்சவல்லி, உன் வீட்டுக்காரர்தான். கண்டவனும் அவள் ரூமுக்கு வருகிறான் என்று நீ சொன்னாயே, அந்தக் கண்டவனில் அவரும் ஒருவர். மூன்று மத்தியானம் உட்கார்ந்தார். ஊதாப் புள்ளி. மெஷினில் முப்பது தடவை செத்தார். "யார் மேல கோவம் அண்ணாச்சி?" என்று இவள் கேட்டதற்கு, "சும்மா இரும்மா, தட்டு எண்ணிகினு கீறேன்" என்றார். முப்பத்தோராவது தடவை தாண்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். உன்னைக் கல்யாணம் செய்த அன்றைக்குக்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

கடைசி ஏற்றத்தில் நான் ஆறாவது தாவில் விழுந்தேன். போனைப் பிடித்த கை வேர்த்திருந்தது. பக்கத்தில் யார் பேசியதும் காதில் விழவில்லை. மறுபடி எடுத்தேன். உலை பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாசனை வந்தபிறகுதான் எழுந்தேன்.

அதை அப்படியே கிண்டிக்கு அனுப்பினாள். ஒரு வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வெங்கடேசன் கூப்பிட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மெஷின் இப்போ பிரமாதம்மா. எங்க பசங்க எல்லாரும் தாண்டிட்டாங்க. ஆனா நான் சொன்ன மத்த விளக்கு எதையும் வைக்கலையே."

"இல்ல சார்."

"சரி, விடு. கடைசி ஏத்தத்துல மட்டும் பாதியில ஒண்ணு வை. ஒண்ணே ஒண்ணு."

"வைக்க மாட்டேன் சார்."

 அவள் கையைக் கிள்ளினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அன்னைக்குச் சரின்னு சொன்னியேம்மா."

"அன்னைக்கு எனக்குத் தப்பு எங்கன இருக்குன்னு தெரியல சார். தெரியாம சரின்னுட்டேன். இப்பத் தெரியும். நீங்க கடைசி ஏத்தம் விளையாடுனீங்களா?"

"நேத்து சாயங்காலம்."

"எத்தன தடவ விழுந்தீங்க?"

"நாப்பத்தொண்ணு."

"யார் மேல கோவம் வந்துச்சு?"

 அந்தப் பக்கம் யாரோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"நாப்பத்தோரு தடவ விழுந்தும் ஏன் சார் போனக் கீழ வைக்கல? மெஷின்ல உங்க ஆளுக மூணாவது தடவையே வெச்சாவளே."

"நீ ரொம்பப் பேசறம்மா" என்றார். குரலில் கோபமில்லை, ஆனால் இளக்கமும் இல்லை. "விளக்கு இல்லாம வெளியிட்டா பாதிப் பேர் முடிக்க மாட்டாங்க. எங்களுக்கு அது நஷ்டம். யோசிச்சுச் சொல்லு. விளக்கு இருந்தா திங்கக்கிழமையே சேரலாம்."

"யோசிச்சுட்டேன் சார். பாதிப் பேர் முடிக்காட்டியும் பரவால்ல. முடிச்சவிய நாங்க முடிச்சோம்னு சொல்லணும். விளக்கு வெச்சுத்தான் வேலன்னா எனக்கு வேண்டாம்."

போன் கட்டாகிவிட்டது.

"போச்சு. மூணு வருஷம் போச்சு" என்றேன். "ஒரு விளக்குடி. ஒரு விளக்குக்கா இவ்ளோ?"

"நீங்கதான் ஆச்சி சொன்னிய, தூக்கிட்டுப் போய் உக்கார வெச்சன்னு."

என் வார்த்தையையே எடுத்து என்னை அடித்துவிட்டாள். போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

சனி போனது. ஞாயிறு பூசைக்குப் போய், அவளுக்காக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் விளக்கு வைக்கிற புத்தியைக் கொடு என்று கேட்டுவிடுவேனோ என்று பயம். திங்கள், செவ்வாய் அவள் லைனுக்குப் போய்வந்தாள். புதன் மத்தியானம் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது வெங்கடேசன் கூப்பிட்டார். எச்சில் கையோடு ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஏறிட்டேன்" என்றார்.

"எத்தனாவது தடவ சார்?"

"எண்ணறத விட்டுட்டேன்." பிறகு சொன்னார்: "விளக்கு வேணாம். அப்படியே இருக்கட்டும். அடுத்த திங்கக்கிழமை வந்து சேரு. இங்க எல்லாரும் உன்கூடச் சண்டை போடுவாங்க, தெரிஞ்சுக்கோ."

"வாரேன் சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மிச்சச் சோற்றைத் தின்று முடித்தாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி கேட்டில் ஐடி கார்டைக் கொடுத்தாள். சூப்பர்வைசர், இந்த ஆடு ஓட்டுகிற வேலை எத்தனை நாளைக்கு, திரும்பி வந்தால் லைனில் இடம் இருக்காது என்றாராம். இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

திங்கள் காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. மணிகண்டபிரபு ஏறினான், இசக்கியும் மாசானமும் ஏறினார்கள். அவள் ஒன்பது மணிக்குப் போனபோது மணிகண்டபிரபு கம்பெனி மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். யாரோடு ஓடிப்போனாள் அம்சவல்லி? நீயே சொல்.

பையைக் கட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"ஏழாம் நம்பரை ரெண்டு மாசம் யாருக்கும் வுட மாட்டேன். சரிப்படலைன்னா வா" என்றேன்.

"வேண்டாம் ஆச்சி. இன்னைக்கே வேற ஆளுக்கு விட்டுருங்க."

"ஏன்டி இந்தத் திமிரு?"

"அது பூட்டிக் கெடக்குன்னு தெரிஞ்சா நான் அங்கன ஒழுங்கா நிக்க மாட்டேன்."

என் போனைக் கேட்டு வாங்கி, ஆடு இருக்கிறதா என்று பார்த்தாள். குட்டி கடைசி ஏற்றத்துக்குக் கீழே, அங்கே கடைசியாக இருந்த விளக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் இன்னும் ஏறவில்லை. என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

குழாயடியைத் தாண்டும்போது, "இன்னாம்மே, வேலை போச்சா?" என்று நீதான் கேட்டாய். "நான் விட்டுட்டேன் அக்கா" என்று நின்று, உன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வழிந்துகொண்டிருந்த உன் குழாயை மூடினாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிப் போனாள்.